பாதியில் நிற்கும் ஸ்லைடிங் கேட்: மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ரிமோட்டை அழுத்தினால் கேட் ஒழுங்காகப் புறப்படுகிறது. பாதி வழியில் நின்றுவிடுகிறது, அல்லது நின்ற கையோடு வந்த வழியே திரும்பிவிடுகிறது. இந்தப் புகாருக்கு ஆள் வந்தால் வழக்கமாக முதலில் மாறுவது சென்சார், அடுத்து மோட்டாரை இயக்கும் போர்டு, கடைசியில் மோட்டாரே. மூன்றும் மாறிய பிறகும் கேட் பாதியில் நின்ற வீடுகள் உண்டு. காரணம் எளிது. திரும்பி வரும் கேட்டில் போர்டு பெரும்பாலும் பழுதாவதில்லை, தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. மோட்டார் வேகம் குறைகிறது என்று அதற்குத் தெரிகிறது. எதிரே ஆளோ காரோ இருக்கலாம் என்று எண்ணிப் பின்வாங்குகிறது. வேகம் ஏன் குறைந்தது என்பது அதற்குத் தெரியாது. மண் அடைத்த தண்டவாளமும், வலுவிழந்த கெப்பாசிட்டரும், மாலை நேரத்துக் குறைந்த மின்னழுத்தமும் அதன் கணக்கில் ஒரே தடைதான். அந்த மூன்றையும் பிரித்தறிவது நம் வேலை.

இங்கே சொல்வது தனி வீடுகளில் அதிகம் காணப்படும் அமைப்பைப் பற்றியது: 230 வோல்ட் ஏ.சி. மோட்டார், கேட்டின் அடியில் பல் வரிசையாக ஓடும் ரேக், அதைத் தள்ளும் பினியன் சக்கரம், கேட் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் லிமிட் இருபுறமும், குறுக்கே எதுவும் வந்தால் உணரும் ஒரு ஜோடி போட்டோசெல் தூண்களில். 24 வோல்ட் டி.சி. மோட்டார் என்றால் கெப்பாசிட்டர் பகுதியை விட்டுவிடலாம். மற்றவை அப்படியே பொருந்தும்.

கை வைப்பதற்கு முன்

மோட்டாரின் மூடியைத் திறந்தால் உள்ளே 230 வோல்ட் வெளியே தெரியும்படி இருக்கும். ரிமோட்டை ஒளித்து வைத்தால் மட்டும் போதாது, கேட்டுக்கான எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, அருகில் யாரும் ஏற்றாதபடி ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

மின்சாரத்தைவிட எனக்கு அதிகப் பயம் தருவது கேட்டின் எடை. ஐந்நூறு, அறுநூறு கிலோ இரும்பு தண்டவாளத்தின் முடிவைத் தாண்டி ஓடினால் அப்படியே சாய்ந்து விழும். ஆகவே கேட்டைக் கையால் தள்ளும்படி மோட்டாரை ரிலீஸ் செய்யும் சாவியைத் திருப்புவதற்கு முன்பே இரண்டைப் பாருங்கள். தண்டவாளத்தின் இரு முனையிலும் தரையோடு பதித்த ஸ்டாப்பர் இருக்கிறதா? மேலே கேட்டைப் பிடித்துக்கொள்ளும் கைடு ரோலர்கள் உறுதியாக இருக்கின்றனவா? ஸ்டாப்பர் இல்லையென்றால் மற்ற வேலையெல்லாம் பிறகு. வெல்டரைக் கூப்பிடுவதுதான் முதல் வேலை. தரை சரிவாக இருந்தால் ரிலீஸ் செய்தவுடன் கேட் தானாக உருளும். அதையும் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கருவி வேண்டாம், கவனம் போதும்

கேட்டைச் சில முறை முழுமையாகத் திறந்து மூடச் செய்து, எங்கே நிற்கிறது என்று தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். பாதி நோயறிதல் அந்தக் கோடுகளிலேயே கிடைத்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே திசையில் போகும்போது மட்டும் நின்றால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. தண்டவாளத்தில் மேடு, ரேக்கின் இணைப்பில் பிசகு, அல்லது இடம் மாறிப்போன லிமிட் தகடு. இதில் லிமிட்டை அடையாளம் காண ஒரு குறி உண்டு. லிமிட்டால் நின்ற கேட் திரும்பி வராது, அமைதியாக நின்றுவிடும். அதன்பின் ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் எதிர்த்திசையில் மட்டுமே போகும். போர்டைப் பொறுத்தவரை கேட் முழுதாக மூடியாகிவிட்டது.

நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் கேட்டின் பாதையை விட்டுவிட்டு மின்பக்கம் பார்க்க வேண்டும். மூடும்போது மட்டும் திரும்பி, திறக்கும்போது ஒழுங்காகப் போனால் போட்டோசெல்லைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அது மூடும் திசையில் மட்டும்தான் காவல் காக்கிறது. இரு திசையிலும் தடுமாறி, உறுமல் சத்தத்தோடு வேகம் தளர்ந்து நின்றால் கெப்பாசிட்டர் அல்லது மின்னழுத்தம். சத்தமே இல்லாமல் செத்தது போல நின்று, இருபது நிமிடம் கழித்து எதுவும் நடக்காதது போல மறுபடி ஓடினால், மோட்டார் சுருளுக்குள் இருக்கும் வெப்பக் காப்பு துண்டித்திருக்கிறது. அது விளைவு, மோட்டார் ஏன் சுட்டது என்பதற்கான காரணம் வேறெங்கோ இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கேட் முழுதாக மூட இன்னும் ஒரு அடி, இரண்டு அடி இருக்கும்போது, உறுமலும் இல்லாமல் திரும்பவும் செய்யாமல் நிற்கும். மறுபடி அழுத்தினால் மிச்ச தூரத்தையும் போய் மூடிவிடும். இது போர்டில் வைத்திருக்கும் ஓட்ட நேரம் தீர்ந்துபோனதால் வருவது. நிமிடத்துக்கு 12 மீட்டர் வேகத்தில் ஓடும் மோட்டாருக்கு 4 மீட்டர் பாதையைக் கடக்க 20 விநாடி ஆகும். பொருத்தியவர் 22 விநாடி வைத்துவிட்டுப் போயிருப்பார். சக்கரம் தேய்ந்து கேட் 24 விநாடி எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அது கடைசியில் நிற்கும். நேரத்தை நான்கைந்து விநாடி கூட்டினால் தீர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் கேட் ஏன் தாமதமானது என்ற கேள்விக்கு அது பதிலல்ல.

கேட்டைக் கையால் இழுத்துப் பாருங்கள்

எம்.சி.பி.யை இறக்கி, மோட்டாரை ரிலீஸ் செய்து, கேட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகக் கையால் நகர்த்துங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாத கேட்டுக்கு எந்த மோட்டார் போட்டாலும் பயனில்லை.

கை மதிப்பீடு ஆளுக்கு ஆள் மாறும். விமானப் பயணத்துக்குப் பெட்டியை எடை பார்க்க விற்கும் கையடக்கத் தராசு ஒன்று இருந்தால், அதன் கொக்கியைக் கேட்டின் கைப்பிடியில் மாட்டி, கேட் சீராக நகரும்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று பாருங்கள். சமதளத்தில், நல்ல சக்கரங்களில் ஓடும் 600 கிலோ கேட் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு கிலோ இழுவைக்குள் நகர வேண்டும். புறப்படும் கணத்தில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம். பாதை முழுவதும் இருபதுக்கு மேல் காட்டினால் சக்கரத்தின் பேரிங் போய்விட்டது. ஓரிடத்தில் மட்டும் எகிறினால் அங்கே குனிந்து பாருங்கள். பெரும்பாலும் தண்டவாளத்தோடு ஒட்டி இறுகிப்போன மண், பக்கத்துக் கட்டட வேலையில் சிந்திய சிமெண்ட் கலவை, அல்லது காரின் பாரத்தால் அமுங்கிய தண்டவாள இணைப்பு.

தண்டவாளத்துக்குக் கிரீஸ் தடவுவது பலருடைய பழக்கம். தயவுசெய்து வேண்டாம். தெருப்புழுதி அதில் ஒட்டி, சில வாரங்களில் கிரீஸ் இல்லாத நிலையைவிட மோசமாகும். பேரிங்குக்கும் ரோலர் அச்சுக்கும் மட்டும் கிரீஸ், தண்டவாளத்துக்கு விளக்குமாறு.

கேட் கையில் லேசாக ஓடுகிறது, மோட்டாரோடு சேர்த்தால் மட்டும் திணறுகிறது என்றால் ரேக்குக்கும் பினியனுக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். பற்களுக்கு நடுவே 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை சும்மா இருக்க வேண்டும். புதிதாகப் பொருத்தும்போது இருந்திருக்கும். ஆண்டுகள் போகச் சக்கரம் தேய்ந்து கேட் கீழே இறங்குகிறது. அதோடு ரேக்கும் இறங்கி, கேட்டின் எடையில் ஒரு பங்கு பினியன் மீது உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு ஹாக்ஸா பிளேடுகளைச் சேர்த்துப் பிடித்து, முதுகுப் பக்கத்தை ரேக் பல்லின் நுனிக்கும் பினியன் பள்ளத்துக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். இதைக் கேட்டின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்திலாவது செய்ய வேண்டும். ஓரிடத்தில் சரியாக இருப்பது மற்ற இடத்தில் இறுகியிருக்கும். இறுகிய இடத்தில் ரேக்கின் போல்ட்டைத் தளர்த்திச் சற்று உயர்த்தி மறுபடி முடுக்கினால் போதும்.

போட்டோசெல்: கண் முன்னால் எதுவும் இல்லாமலே மறிக்கும்

போட்டோசெல் ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்புகிறது. கதிர் வந்து சேரும்வரை உள்ளே ஒரு தொடர்பு மூடியிருக்கும். அறுந்தால் அது திறந்து போர்டுக்குச் செய்தி சொல்லும். வயர் அறுந்தாலும் இதே செய்திதான் போகும் என்பதால், முற்றிலும் செத்துப்போன போட்டோசெல் கேட்டை மூடவே விடாது. பாதி வழியில் திரும்பச் செய்வது, இருந்தும் இல்லாமலும் இருக்கும் அரைகுறைப் பழுது.

அதற்கான காரணங்கள் சாதாரணமானவை. கண்ணாடிக்குப் பின்னால் எறும்புக் கூடு, மழைநீர் ஆவியாகிப் படிந்த பனித்திரை, காற்றில் ஆடும் செம்பருத்திக் கிளை, கேட் ஓடும் அதிர்வில் தொடர்பு விட்டுப் பிடிக்கும் தளர்ந்த ஸ்குரூ. வெயில் பட்டு வளைந்த கேட் நடுப்பகுதியில் சற்றே வெளியே தள்ளி, தன் கதிரைத் தானே மறிப்பதும் உண்டு. குறிப்பிட்ட நேரத்தில், அதுவும் மாலையில் மட்டும் கோளாறு வந்தால், சாயும் சூரியன் கதிரை வாங்கும் கண்ணுக்குள் நேராக விழுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அனுப்பும் கண்ணையும் வாங்கும் கண்ணையும் தூண் மாற்றிப் பொருத்தினாலே சரியாகிவிடும்.

போட்டோசெல்தான் குற்றவாளியா என்று உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. எம்.சி.பி.யை இறக்கி, போர்டில் போட்டோசெல்லின் செய்தி வரும் முனையிலிருந்து வயரைக் கழற்றி, அந்த முனையையும் காமன் முனையையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். இது குறைந்த மின்னழுத்த முனை. 230 வோல்ட் முனையோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கக் கையேட்டில் படத்தைப் பார்த்துவிடுங்கள். இப்போது மின்சாரம் கொடுத்து, கேட்டின் பாதையில் குழந்தைகளோ நாயோ வராமல் ஒருவரை நிறுத்தி, மூடச் செய்யுங்கள். இனி திரும்பவில்லை என்றால் பழுது போட்டோசெல்லிலோ அதன் வயரிலோ இருக்கிறது. அப்போதும் திரும்புகிறது என்றால் போட்டோசெல் நிரபராதி. சில போர்டுகள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் போட்டோசெல்லைத் தானே சோதித்துப் பார்க்கும். அந்த வசதி இயங்கிக்கொண்டிருந்தால் இப்படி இணைத்தவுடன் கேட் நகரவே மறுக்கும், பயப்பட வேண்டாம்.

சோதனை முடிந்ததும் அந்தச் சிறு வயரை எடுத்துவிட வேண்டும். அவசரத்துக்குப் போட்டு, அப்படியே ஆண்டுக்கணக்கில் விடப்பட்ட இணைப்புகளைப் பல போர்டுகளில் பார்க்கலாம். அந்த வீடுகளில் போட்டோசெல் தூணில் அழகுக்காக மட்டும் இருக்கிறது.

லிமிட்: எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது

லிமிட் இரண்டு வகை. ஒன்று, பினியனுக்கு அருகே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங். ரேக்கின் இரு முனையிலும் பொருத்திய வளைந்த தகடு வந்து அதைச் சாய்க்கும்போது உள்ளே மைக்ரோ சுவிட்ச் திறக்கும். மற்றொன்று காந்த வகை; தகட்டுக்குப் பதில் ரேக்கில் காந்தம், ஸ்பிரிங்குக்குப் பதில் மோட்டாருக்குள் சென்சார்.

தகடோ காந்தமோ ரேக்கோடு சிறு ஸ்குரூவால்தான் பிடித்திருக்கிறது. அது தளர்ந்தால் ஒவ்வொரு முறை ஸ்பிரிங்கில் மோதும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் நகரும். முதலில் கேட் வழக்கத்தைவிட ஓரிரு விரற்கடை அதிகமாகப் போகும். பிறகு ஒருநாள் லிமிட் வேலை செய்வதற்கு முன்பே கேட் ஸ்டாப்பரில் இடிக்கும். இடித்தவுடன் போர்டு அதைத் தடை என்று எடுத்துக்கொண்டு திரும்பத் திறக்கும். ‘முழுதாக மூடுகிறது, உடனே திறந்துவிடுகிறது’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கேட் ஸ்டாப்பரைத் தொடுவதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்பே நிற்கும்படி தகட்டை வைத்து முடுக்குங்கள்.

லிமிட்டைச் சோதிக்கக் கேட்டை நடுவில் நிறுத்தி, மோட்டாரை ரிலீஸ் செய்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். போர்டில் ஒவ்வொரு லிமிட்டுக்கும் ஒரு சிறு விளக்கு இருக்கும். கேட் நடுவில் இருக்கும்போது பெரும்பாலான போர்டுகளில் இரண்டும் எரியும். கையை உள்ளே விடாமல், உலர்ந்த மரக்குச்சியால் ஸ்பிரிங்கை ஒருபக்கம் சாயுங்கள். ஒரு விளக்கு மட்டும் அணைய வேண்டும். மறுபக்கம் சாய்த்தால் மற்றது. காந்த வகைக்குக் குச்சியின் நுனியில் ஒரு காந்தத்தைக் கட்டிக் காட்டலாம். ஸ்பிரிங்கைத் தொடாமலே, மோட்டார்ப் பெட்டியைத் தட்டினால் விளக்கு மினுக்கினால் சுவிட்சில் நீர் புகுந்து துரு ஏறியிருக்கிறது. கேட் அதிர்வில் பாதி வழியில் நிற்பதற்கு அது போதும்.

காந்த வகையில் இன்னொரு சிக்கல் உண்டு. காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடினால் கேட் சில நாள் லிமிட்டில் நிற்கும், சில நாள் தாண்டிப்போகும். ரேக்கை உயர்த்திய பிறகு இது அடிக்கடி நேரும். கையேட்டில் சொன்ன இடைவெளிக்குள் காந்தத்தைக் கொண்டுவாருங்கள். காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்திவிட்டால் திறக்கும் முனையை மூடும் முனை என்று போர்டு நினைக்கும் அமைப்புகளும் உள்ளன. ஆகவே கழற்றுவதற்கு முன் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

கெப்பாசிட்டர்: தடை போல வேஷம் போடும் பழுது

இந்த மோட்டார்களுக்குள் இரண்டு ஒரே மாதிரிச் சுருள்கள். ஒன்றுக்கு நேரடியாக மின்சாரம் போகிறது. மற்றதற்குக் கெப்பாசிட்டர் வழியாக, சற்று முன்பின்னாகப் போகிறது. அந்த முன்பின்தான் உள்ளிருக்கும் சுழலியைச் சுழற்றுகிறது. திறக்கும் வயருக்கு மின்சாரம் கொடுத்தால் ஒரு திசை, மூடும் வயருக்குக் கொடுத்தால் மறுதிசை. கெப்பாசிட்டர் இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்கிறது. எனவே அது வலுவிழந்தால் இரு திசையும் சேர்ந்தே பாதிக்கப்படும். ஒரு திசையில் மட்டும் உறுமுகிறது, மற்றதில் வலுவாக ஓடுகிறது என்றால் கெப்பாசிட்டரை விட்டுவிட்டுப் போர்டின் ரிலேயையோ அந்தப் பக்கத்து வயரையோ பாருங்கள்.

கெப்பாசிட்டர் திடீரென்று சாவது குறைவு. தேய்ந்துகொண்டே போவதுதான் அதிகம். உள்ளே பிளாஸ்டிக் படலத்தின் மீது மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. படலத்தில் எங்காவது மின்சாரம் துளைத்தால், அந்த இடத்துப் பூச்சு எரிந்து விலகி, துளை தானாகவே மூடிக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பூச்சு போகிறது, கொள்ளளவும் குறைகிறது. ஓடும்போது அதன் மீது விழும் மின்னழுத்தம் 230 வோல்ட்டையும் தாண்டும். அதற்குத்தான் 450 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் போடுகிறார்கள். சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் காயும் மோட்டார்ப் பெட்டிக்குள் இந்தத் தேய்மானம் வேகமாகும்.

அளக்கும் முறை இது. எம்.சி.பி.யை இறக்குங்கள். கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு கால்களையும் காப்புள்ள குறட்டால் பிடித்து, கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் சில விநாடி தொட்டு வையுங்கள். ரெசிஸ்டர் இல்லையென்றால் பழைய குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரின் வயர்கள் அந்த வேலையைச் செய்யும். ஸ்குரூ டிரைவரால் நேரடியாக இணைப்பது வேண்டாம். பொறி பறக்கும், முனையும் கருகும். பிறகு ஒரு வயரையாவது கழற்றுங்கள். கழற்றாமல் அளந்தால் சுருளும் சேர்ந்து தப்பான எண் வரும். மல்டிமீட்டரைக் கெப்பாசிட்டர் அளவுக்குத் திருப்பி அளந்து, உடலில் அச்சடித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். 16 மைக்ரோஃபாரட், ஐந்து சதவீதம் கூடுதல் குறைவு என்று இருந்தால் 15.2 முதல் 16.8 வரை நல்லது. பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்து 14.4க்குக் கீழே போனதை நான் மாற்றிவிடுவேன். உடல் உப்பியிருந்தாலோ அடியில் பிசின் கசிந்திருந்தாலோ அளக்கவே தேவையில்லை.

புதியது வாங்கும்போது அதே மைக்ரோஃபாரட், 450 வோல்ட் ஏ.சி., தொடர்ந்து ஓடும் மோட்டாருக்கான வகை என்று கேட்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும். கடைக்காரர் ‘கொஞ்சம் பெரியதாகப் போடுங்கள், இழுவை கூடும்’ என்பார். போடக்கூடாது. தேவைக்கு மேற்பட்ட கொள்ளளவு சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டிச் சூடாக்கும்; நாளடைவில் வெப்பக் காப்பு துண்டிக்கத் தொடங்கும். கம்ப்ரசர்களில் புறப்படுவதற்கு மட்டும் பயன்படும் கருப்புநிறக் கெப்பாசிட்டரும் இதற்கு ஆகாது. தொடர்ந்து மின்சாரம் ஓடினால் அது வெடித்துவிடும்.

கெப்பாசிட்டர் சரியாக இருந்தால், அது கழன்றிருக்கும் நிலையிலேயே சுருள்களையும் அளந்துவிடுங்கள். மோட்டார் வயர்களையும் போர்டிலிருந்து எடுத்துவிட்டு அளக்க வேண்டும். காமனிலிருந்து திறக்கும் வயருக்கும், காமனிலிருந்து மூடும் வயருக்கும் ஓம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் அந்த இரண்டின் கூட்டுத்தொகை வர வேண்டும். ஒன்று கணிசமாகக் குறைந்திருந்தால் சுருள் உள்ளுக்குள் எரிந்திருக்கிறது. ரீவைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஒரு வீட்டில் நடந்தது

தாம்பரம் பக்கம் ஒரு வீடு. 600 கிலோ அளவுள்ள இரும்புக் கேட். காலையில் ஒழுங்காக மூடும். மாலை ஏழு மணிக்கு மேல் கடைசி ஒரு மீட்டரில் நின்று திரும்பித் திறந்துவிடும். போட்டோசெல் ஏற்கெனவே புதிதாக மாற்றப்பட்டிருந்தது. தடை உணர்வு ஏறக்குறைய அணைந்துபோகும் அளவுக்கு, போர்டில் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் ஃபோர்ஸ் குமிழ் கடைசிவரை திருகப்பட்டிருந்தது. அப்படியும் திரும்பியது. “தம்பி, மோட்டார் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்” என்றார் வீட்டுக்கார அம்மா.

கையால் இழுத்ததில் தராசு பாதை முழுவதும் 9 கிலோ காட்டியது. கடைசி ஒரு மீட்டரில் மட்டும் 17. அங்கே தண்டவாளத்தின் ஓரமாகச் சிமெண்ட் கலவை விழுந்து காய்ந்து கல்லாகியிருந்தது. ஆனால் 17 கிலோவுக்காக இந்த மோட்டார் நிற்கக் கூடாது. காலையில் அதே மேட்டைத் தாண்டித்தான் போகிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது போர்டின் முனையில் மின்னழுத்தம் காலையில் 228 வோல்ட், மாலையில் 196. இத்தகைய மோட்டாரின் இழுவை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 196ஐ 230ஆல் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கினால் 0.73 வரும். அதாவது மாலையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வலு போய்விடுகிறது. அது மட்டும் கேட்டை நிறுத்தப் போதாது. கெப்பாசிட்டரை அளந்தேன்: 16 என்று அச்சடித்த இடத்தில் 10.8 மைக்ரோஃபாரட்.

மூன்று குறைகள். தனித்தனியாக எதுவும் கேட்டை நிறுத்தியிருக்காது; மாலையில், கடைசி ஒரு மீட்டரில் மூன்றும் சந்தித்தன. மோட்டாரின் சுழற்சியை எண்ணும் என்கோடர் வேகம் தளர்வதைப் பார்த்தது. போர்டு தடை என்று திரும்பியது. குமிழைத் திருகி இழுவையைக் கூட்டச் சொன்னால், இல்லாத இழுவையை மோட்டார் எங்கிருந்து கொடுக்கும்?

உளியால் சிமெண்டைப் பெயர்த்து, கெப்பாசிட்டரை மாற்றியதும் அன்று மாலை 200 வோல்ட்டிலேயே கேட் இழுத்து மூடியது. மின்னழுத்தம் குறைவதற்குக் காரணம் தெரு மின்மாற்றியின் சுமையா, வீட்டிலிருந்து கேட் வரை போட்ட மெல்லிய கேபிளா என்று அறிய, மோட்டார் ஓடும்போது மீட்டர்ப் பெட்டியிலும் அளக்க வேண்டும். இங்கே இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண், கேபிளில் குற்றமில்லை. மீட்டர்ப் பெட்டியில் 225, கேட்டில் 196 என்று வந்திருந்தால் கேபிளைத் தடிமனாக மாற்றச் சொல்லியிருப்பேன்.

ஃபோர்ஸ் குமிழைக் கடைசியில் தொடுங்கள்

எல்லாம் சரியான பிறகு, முன்னால் யாரோ திருகிவைத்த ஃபோர்ஸைக் குறைக்க வேண்டும். இதை மறந்துவிடுவதுதான் வழக்கம். கேட் ஓடுகிறதே என்று விட்டுவிடுவார்கள். இப்போது மோட்டாருக்கு முழு வலு திரும்பியிருக்கிறது, தடை உணர்வோ அணைந்து கிடக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கேட் யாரையும் தள்ளிக்கொண்டு போகும். தானியங்கிக் கேட்டுகளுக்கான ஐரோப்பியத் தரமான EN 12453, மூடும் விளிம்பு அரை மீட்டருக்குக் குறைவான இடைவெளியில் ஒருவரை நெருக்கும்போது முதல் முக்கால் விநாடியில் 400 நியூட்டனுக்கு மேல் அழுத்தக் கூடாது என்கிறது. ஏறக்குறைய 40 கிலோ எடை. அதன் பின் அழுத்தம் 150 நியூட்டனுக்குள் இறங்கிவிட வேண்டும். வீட்டில் இதை அளக்கும் கருவி இருக்காது, ஆனால் குமிழை எங்கே நிறுத்துவது என்பதற்குத் திசை கிடைக்கிறது.

குமிழைக் குறைந்த அளவில் வைத்துக் கேட்டை ஓட்டுங்கள். திரும்பினால் சிறிது கூட்டுங்கள். தடையில்லாமல் முழுப்பாதையும் போகும் முதல் இடத்தில், மாலை மின்னழுத்தத்துக்காக ஒரு சிறு அளவு மட்டும் கூட்டி விட்டுவிடுங்கள். முடிந்தால் இந்த வேலையை மாலையிலேயே செய்வது நல்லது. காலையில் நுணுக்கமாக வைத்தது மாலையில் பொய்த்துவிடும். என்கோடர் உள்ள சில போர்டுகளில் குமிழுக்குப் பதிலாகக் கற்றல் ஓட்டம் இருக்கும். கேட்டை முழுதாக ஒருமுறை திறந்து மூடவிட்டு இயல்பான வேகத்தைக் கற்றுக்கொள்ளும். கெப்பாசிட்டர், சக்கரம், ரேக் எதை மாற்றினாலும் அதை மறுபடி செய்ய வேண்டும். இல்லையெனில் பழைய வேகத்தோடு ஒப்பிட்டுக் காரணமில்லாமல் திரும்பும்.

கடைசியாக மூன்று சோதனைகள். கேட் மூடும்போது போட்டோசெல்லின் குறுக்கே ஒரு அட்டையை நீட்டுங்கள், திரும்ப வேண்டும். அடுத்து, தூணுக்கு ஒரு முழம் முன்னால் ஒரு கெட்டியான மரக்கட்டையைத் தரையில் நிறுத்தி, போட்டோசெல்லின் கதிரில் படாமல் பார்த்துக்கொண்டு, கேட்டை மூடச் செய்யுங்கள். விளிம்பு கட்டையைத் தொட்டதும் தயங்கித் திரும்ப வேண்டும். கட்டையை நசுக்கித் தள்ள முயன்றால் ஃபோர்ஸ் இன்னும் அதிகம். மூன்றாவதாக, கேட்டை இடைவெளி விடாமல் எட்டுப் பத்து முறை ஓட்டி, மோட்டார்ப் பெட்டி எவ்வளவு சுடுகிறது என்று வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டு நின்றுபோனால் இன்னும் ஏதோ ஓரிடத்தில் இறுக்கம் மிச்சமிருக்கிறது. தராசை மறுபடி எடுக்க வேண்டியதுதான். மரக்கட்டைச் சோதனையில் தேறாத கேட்டை மட்டும், காரணம் தெரியும்வரை மின்சாரத்தை இறக்கி, ரிலீஸ் சாவியைத் திருப்பி, கையால் திறந்து மூடிக்கொள்ளுங்கள்.